புதுப்பிப்பு: பேத்தியின் முதல் பிறந்தநாள் வாழ்த்து எழுதியாச்சு

நான் கேட்டிருந்தது: "பேத்திக்கு முதல் பிறந்தநாள். மகளும் மாப்பிள்ளையும் எடுத்து வைக்கிற மாதிரி வாழ்த்து எழுதணும். 'நூறாண்டு வாழ்க' தாண்டி ஒன்றும் வரவில்லை, என்ன எழுதலாம்?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது, "வாழ்த்தை விடுங்க, அவ அம்மா ஒரு வயசுல எப்படி இருந்தான்னு எழுதுங்க, அது உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்" என்று ஒரு அக்கா சொன்னதுதான். அப்புறம் பேனா தானாக ஓடியது. மகள் சுவரைப் பிடித்து நடந்தது, மொட்டை போட்டபோது அழாமல் காது குத்தும்போது ஊரைக் கூட்டியது, இப்போது பேத்தி பருப்புசாதத்தைத் துப்பிவிட்டு அப்பளத்துக்குக் கை நீட்டுவது. கடைசியில் தேதி, ஊர், இருவர் கையெழுத்து. வாழ்த்து ஒரே வரி: "உன் அம்மாவைப் போலவே பிடிவாதமாக இரு கண்ணு."

லேமினேட் செய்யச் சொன்ன தம்பி பாதி சரி. தண்ணீர் படாது, ஆனால் சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது, மை வெளுப்பதும் நிற்காது. அதனால் வெயில் படாத பீரோவில் உறைக்குள் வைத்து, லேசர் பிரிண்டரில் ஒரு நகலும் எடுத்தோம்.

கேக்கில் எழுத வாசகம் சொன்னவருக்கு: அதைக் கேட்கவில்லை, ஆனாலும் பயன்பட்டது.

எதிர்பாராதது, சம்பந்தியம்மா. எழுத வராது என்று ஒதுங்கிய அவர் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை தன் குழந்தைப் பருவக் கதையைத் தானே எழுதினார். சம்பந்தியம்மா சொன்ன தாலாட்டு வரிகளைப் பேச்சுவழக்கிலேயே விடுவதா, திருத்துவதா என்று வீட்டில் இன்னும் பேச்சு.