பசிப் பட்டை இறங்கிய பிறகும் டிவி முன் உட்காரும் கதாபாத்திரம்: உங்கள் அனுபவம்?

மாலதி
பழைய தி சிம்ஸ் விளையாட்டை மறுபடியும் தொடங்கியிருக்கிறேன். கதாபாத்திரம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அவனுடைய தேவைகளைக் காட்டும் பட்டைகளில் பசிப் பட்டை பாதிக்குக் கீழே போயிருக்கிறது. சமையலறை வீட்டின் மறுகோடியில். டிவி வாசலுக்கு அருகில். நான் எதுவும் சொல்லாமல் விட்டால் நேராக டிவி முன் போய் உட்காருகிறான். பட்டை சிவந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்திய பிறகுதான் சாப்பாட்டு நினைவு வருகிறது. உங்களுக்கும் இப்படித்தானா?

கார்த்திக்
இதில் புதிர் ஒன்றும் இல்லை. எந்தப் பட்டை மிகக் கீழே இருக்கிறதோ அதைத்தான் முதலில் கவனிப்பார்கள். அவனுடைய பொழுதுபோக்குப் பட்டை பசியைவிடக் கீழே இருந்திருக்கும். பார்த்தீர்களா?

மாலதி
பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம்.

வேலன்
கார்த்திக் சொல்வது பாதி சரி. 2000இல் வந்த முதல் சிம்ஸில் முடிவெடுக்கும் அறிவு பெரும்பாலும் பொருள்களிடம்தான் இருக்கிறது. "என்னிடம் வந்தால் உன் பசி இவ்வளவு தீரும்" என்று ஃபிரிட்ஜ் கூவுகிறது; டிவி தன் பங்குக்குக் கூவுகிறது. அந்த வாக்குறுதி, தேவையின் அவசரத்தால் பெருகும், தூரத்தால் தேயும். உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வோம். எண்கள் விளங்குவதற்காக நானே போட்டவை. ஃபிரிட்ஜின் வாக்குறுதி 40, டிவியுடையது 25. இரண்டு பட்டைகளும் நடுவில் இருப்பதால் அவசரம் இரண்டுக்கும் 1. சமையலறை தொலைவில் இருப்பதால் 40 பாதியாகி 20 ஆகிறது. பக்கத்தில் இருக்கும் டிவிக்கு 25 அப்படியே நிற்கிறது. டிவி வென்றுவிட்டது. பட்டை சிவக்கும்போது பசியின் அவசரம் மட்டும் 4 மடங்காகிறது என்று வையுங்கள். 20 என்பது 80 ஆகிவிடும். அப்போதுதான் அவன் எழுந்து ஓடுகிறான். பசி, கழிப்பறை போன்ற உடல் தேவைகளின் அவசரம் கடைசிக் கட்டத்தில் செங்குத்தாக ஏறும். பொழுதுபோக்கு அப்படி ஏறாது.

போதாததற்கு, முதலிடம் பெற்றதையே எப்போதும் எடுப்பதும் இல்லை. மேலே வந்த சிலவற்றில் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுக்கிறது. எப்போதும் சரியாக நடந்துகொண்டால் நமக்கு அங்கே என்ன வேலை?

ராகவன்
என் அனுபவம் வேறு. சிம்ஸ் 4இல் என் ஆள் டிவியில் நகைச்சுவை பார்த்துச் சிரித்துச் சிரித்தே செத்துப்போனான். பட்டைகள் எல்லாம் பச்சை! டிவியே வேண்டாம் என்பது என் கட்சி.

வேலன்
ராகவன், அது பட்டைகளால் வந்த சாவு அல்ல, உணர்ச்சியால் வந்தது. குறும்பு உணர்வு அடுக்கடுக்காகக் கூடி, அடக்க முடியாத சிரிப்பு என்ற நிலையைத் தொட்டால் அங்கே உயிர் போகலாம். அந்த நிலையின் பெயர் திரையில் தெரிந்தவுடன் டிவியை அணைத்துவிட்டு, கண்ணாடி முன் நிறுத்தி மனத்தை அமைதிப்படுத்தச் சொல்லுங்கள்.

செல்வி
ரிம்வேர்ல்டு என்ற குடியேற்ற விளையாட்டை ஆடுபவர்களுக்கு மனநிலைதான் எமன். என் குடியேற்றத்தில் ஒரு சமையற்காரி. மனநிலை 37 சதவீதம். அவளுக்குச் சிறிய மனமுறிவின் எல்லை 35. மேசை இல்லாமல் நின்றுகொண்டே சாப்பிட்டாள். அதற்கு 3 புள்ளி கழியும், ஒரு நாள் நீடிக்கும். மனநிலை உடனே விழவில்லை. 34ஐ நோக்கி மெல்லச் சரிந்தது. அதனால்தான் காரணம் பிடிபடுவதில்லை: சாப்பிட்டது காலையில், சண்டித்தனம் பிற்பகலில். அவள் அறைக்குள் போய் அடைந்துகொண்டாள், அடுப்பு அணைந்தது, மற்றவர்கள் பச்சைக் காய்கறியைத் தின்றார்கள். அதற்கு ஆளுக்கு 7 கழிந்தது. ஒரு மேசை போட்டிருந்தால் இவ்வளவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், முறிவு முடிந்து வெளியே வந்தவளுக்கு மனம் லேசானதாக 40 புள்ளி கிடைத்தது. இரண்டரை நாள் ஊரிலேயே சந்தோஷமானவள் அவள்தான்.

கார்த்திக்
அப்படியானால் சிம்ஸில் மனநிலை எதற்கு? பட்டைகளே எல்லாவற்றையும் முடிவு செய்கின்றனவே.

வேலன்
முதல் சிம்ஸில் அது எல்லாப் பட்டைகளும் சேர்ந்த தொகை. தானாக நடப்பதைவிட, நீங்கள் இடும் கட்டளையில்தான் அது தெரியும். மனம் சோர்ந்திருந்தால் "புத்தகத்தை எடுத்துப் படி" என்றாலும் மறுத்துவிடுவான். வேலை தேடவும் மாட்டான்.

மாலதி
ஃபிரிட்ஜை வாசல் பக்கம் நகர்த்திப் பார்த்தேன். உள்ளே வந்ததும் சாப்பிடுகிறான். தூரம்தான் காரணம் போலிருக்கிறது. ஆனால் தட்டைப் போட்ட இடத்திலேயே விட்டுவிடுகிறான், ஈ மொய்க்கிறது, அறைப் பட்டை இறங்குகிறது. தட்டைக் கழுவுவதற்கு எந்தப் பொருளும் கூவாதா?

செல்வி
துப்புரவுக் குணம் அதிகம் உள்ளவனாக உருவாக்கினால் தானே எடுப்பான் என்று நினைக்கிறேன். என் சிம்ஸ் வீட்டில் ஒருத்தி எடுப்பாள், அவள் கணவன் தாண்டிப் போவான்.