முதல் வாசிப்புப் புத்தகம்: கட்டுப்படுத்த வேண்டியது சொல்லையா, எழுத்தையா?

சின்னப்பக்கம்:
ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிநிலைப் புத்தக வரிசை ஒன்று தயாரிக்கிறோம். ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்து விதி போட்டேன்: பக்கத்துக்கு நான்கைந்து சொல், ஒரே வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வர வேண்டும், மொத்தம் பத்துப் புதுச் சொல்லுக்கு மேல் கூடாது. முதல் புத்தகம் இப்படித் தொடங்குகிறது: "பூனை மரத்தின் மேல் இருக்கிறதா? இல்லை. பூனை வீட்டில் இருக்கிறதா? இல்லை." விதி எதுவும் மீறவில்லை. ஆனாலும் பிள்ளைகள் திணறுகிறார்கள். எங்கே தப்பு?

கதைவண்டி:
விதியில்தான் தப்பு. பத்துச் சொல்லுக்குள் கதையை அடைத்தால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? பூனை இங்கே இல்லை, அங்கே இல்லை என்று எட்டுப் பக்கம் புரட்ட வேண்டும். நான் பதினைந்து வருடமாகப் பள்ளிகளில் கதை சொல்கிறேன். "திருதிரு", "கிடுகிடு", "மொறுமொறு" போன்ற சொற்களுக்குத்தான் பிள்ளைகள் கண்ணை விரிக்கிறார்கள். தமிழ் ஆங்கிலம் மாதிரி இல்லை, எழுதியபடியே வாசிக்கலாம். எழுத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு நல்ல கதையைக் கையில் கொடுங்கள், அது போதும்.

கரும்பலகை:
கதைவண்டி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். தமிழில் எழுத்து தெரிந்தால் சொல்லைக் கூட்டிவிடலாம். ஆனால் கூட்டுவது வேறு, வாசிப்பது வேறு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை "இருக்கிறதா" என்ற சொல்லை எப்படி எதிர்கொள்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இ... ரு... க்... கி... ற... தா. ஆறு எழுத்து. "தா"வுக்கு வரும்போது "இரு" மறந்துபோயிருக்கும், திரும்ப முதலிலிருந்து தொடங்கும். ஆங்கிலக் கணக்கில் அது ஒரு சொல். பிள்ளைக்கு அது ஒரு மலை.

சின்னப்பக்கம், தப்பு இங்கேதான். ஆங்கிலத்தில் இடத்தைக் குறிக்கும் சின்னச் சின்னச் சொற்கள் தனித்தனியாக நிற்கும். அவற்றைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக் கண்ணுக்குப் பழக்குகிறார்கள். நமக்கு அந்த வேலையைச் சொல்லின் வாலில் ஒட்டும் "இல்", "கு" போன்றவை செய்கின்றன. அதனால் நீங்கள் திரும்பக் கொடுக்க வேண்டியது சொல்லை அல்ல, வாலை. "பையில், படியில், பானையில்" என்று நான்கு பக்கம் வாசித்த பிள்ளை ஐந்தாம் பக்கத்தில் "யில்" என்பதை ஒரே பிடியாகப் பிடித்துவிடும்.

உங்கள் வாக்கியத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. "மரம்" தெரிந்த பிள்ளைக்கு "மரத்தின்" தெரியாது, "வீடு" தெரிந்த பிள்ளைக்கு "வீட்டில்" தெரியாது. பேச்சில் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. "ம்" போய் "த்தி" வந்து உட்கார்ந்துவிட்டது. நீங்கள் ஒரு சொல் என்று எண்ணியதை அது இரண்டாகப் பார்க்கிறது. முதல் படியில் வால் ஒட்டும்போது உருவம் மாறாத சொற்களாகப் பொறுக்குங்கள். இ, ஐ ஒலியில் முடிபவை நல்லவை: படி, மடி, பெட்டி, பை, பானை.

எழுத்தெண்ணி:
எண்ணிப் பார்த்தேன். கேள்வியில் இருக்கும் இரண்டு வரிகளிலேயே 19 வெவ்வேறு எழுத்துகள் வந்துவிடுகின்றன. வேர்டில் எண்ணாதீர்கள், ஒற்றைக்கொம்பையும் புள்ளியையும்கூடத் தனி எழுத்தாகக் கணக்கில் சேர்த்துவிடும். "கொக்கு" மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு. நான் பயன்படுத்துவது இது:

```python
import re
def letters(s):
    return re.findall(r'[\u0B83-\u0BB9][\u0BBE-\u0BCD]?', s)

new = set(letters(book)) - set(letters(taught))
```

`taught` என்ற இடத்தில் வகுப்பில் அதுவரை நடத்திய எழுத்துகளை ஒரே வரியாகப் போடுங்கள். `new` என்பதில் நான்கைந்துக்கு மேல் வந்தால் அந்தப் புத்தகத்தை அடுத்த படிக்குத் தள்ளிவிடுவேன்.

கரும்பலகை:
நல்ல கருவி. ஆனால் எல்லா எழுத்தையும் ஒரே எடையாக எண்ணிவிடாதீர்கள். கா, பா, மா மூன்றுக்கும் ஒரே கால். ஒன்று பிடிபட்டால் மற்றதும் வரும். உகர வரிசை அப்படியில்லை. கு, சு, து, மு நான்கும் நான்கு விதம், ஒவ்வொன்றையும் தனியாகத்தான் படிக்க வேண்டும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது லை, னை போன்றவற்றின் துதிக்கை வடிவம் போனது. உகர, ஊகார வரிசைகள் பழையபடியே தங்கிவிட்டன. அந்தச் சுமையை இன்றைக்கும் ஆறு வயதுப் பிள்ளைதான் சுமக்கிறது.

உங்கள் பூனைக் கதையையே எடுத்து எழுதிப் பார்த்தேன்.

படியில் பூனையா? இல்லை.
பையில் பூனையா? இல்லை.
பெட்டியில் பூனையா? இல்லை.
பானையில் பூனையா? இல்லை.
பாட்டி மடியில் பூனை!

"இருக்கிறதா" என்பதே வேண்டியதில்லை, வினைச்சொல் இல்லாமலே தமிழில் வாக்கியம் நிற்கும். முழுப் புத்தகத்துக்கும் 14 எழுத்துதான். கடைசிப் பக்கத்தில் புதிதாக வருவது "ம" மட்டும். "பாட்டி"யில் வரும் மூன்று எழுத்தும் முன்பக்கங்களிலேயே வந்துவிட்டன. கதைவண்டி, உங்களுக்காகத்தான் கடைசிப் பக்கம். நான்கு பக்கம் கேள்வி கேட்டுவிட்டு ஐந்தாவதில் அமைப்பை உடைத்தால் பிள்ளை சிரிக்கும். அமைப்பு இல்லாவிட்டால் உடைக்க எதுவும் இருக்காது.

கதைவண்டி:
பாட்டி மடி நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இது வாசிப்புதானா என்பதே என் சந்தேகம். போன மாதம் ஒரு வகுப்பில் ஒரு சிறுமி இப்படி ஒரு புத்தகத்தைக் கடகடவென்று "வாசித்தாள்". கூரையைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. வாய் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதாக நினைக்கிறீர்கள், அவள் மனப்பாடம் செய்கிறாள்.

கரும்பலகை:
அது உண்மையான ஆபத்து. ஆங்கில உலகத்திலும் இதுதான் பெரிய சண்டை. படத்தையும் அமைப்பையும் வைத்து ஊகிக்கப் பழகிய பிள்ளை எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிடும். அதற்கு அமைப்பை விட வேண்டியதில்லை, பக்கத்தைச் சரியாகப் போட்டால் போதும். எழுத்து வலப்பக்கத்தில் தனியாக இருக்கட்டும், படம் தாளைப் புரட்டிய பிறகு வரட்டும். வாசித்த பிறகுதான் படம் "சரி" என்று சொல்ல வேண்டும். மாறுகிற சொற்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கட்டும். படி, மடி இரண்டும் முதல் எழுத்தில்தான் வேறுபடும். பை, பெட்டி, பானை மூன்றும் "ப"வில் தொடங்கிக் குறியீட்டில் மாறும். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு ஊகிக்கிற பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும்.

சோதிப்பதும் எளிது. வாக்கியங்களைத் துண்டுத்தாளில் எழுதி வரிசையைக் கலைத்துக் கொடுங்கள். கூரையைப் பார்த்து வாசித்த பிள்ளை அங்கே நின்றுவிடும்.

ஸ்கார்பரோ_அம்மா:
நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். என்ட மகனுக்கு எட்டு வயசு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்தெல்லாம் படித்துவிட்டான், எதைக் கொடுத்தாலும் உரக்க வாசிப்பான், ஆனால் ஒன்றும் விளங்காது. "மடி" என்றால் என்ன என்று கேட்டான். எங்கட வீட்டில் "கதிரை" என்போம், தமிழ்நாட்டுப் புத்தகத்தில் "நாற்காலி" வருகிறது. அவனுக்கும் எழுத்துகளைக் குறைத்த புத்தகம்தான் தேவையா அண்ணா?

கரும்பலகை:
இல்லை அம்மா, உங்கள் மகனுடைய சிக்கல் நேர்மாறானது. எங்கள் பிள்ளைகளுக்குச் சொல் வாயில் இருக்கிறது, கண்ணில் இல்லை. அவனுக்குக் கண்ணில் இருக்கிறது, வாயில் இல்லை. அவனுக்குத்தான் சொற்கட்டுப்பாடு வேண்டும். எழுத்து எத்தனை வந்தாலும் பரவாயில்லை, ஆனால் வீட்டில் புழங்குகிற சொல்லாக இருக்க வேண்டும், படமும் வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். "எனக்கு இடியப்பம் பிடிக்கும். அப்பாவுக்குத் தோசை பிடிக்கும்" மாதிரி. பேச்சிலும் எழுத்திலும் "பிடிக்கும்" ஒன்றேதான். கதிரை என்றே எழுதிக் கொடுங்கள். ஒரே புத்தகத்தை இரண்டு ஊருக்கும் அனுப்ப நினைத்தால் ஒரு ஊருக்கு அது பயன்படாது.

எழுத்தெண்ணி:
பேச்சிலும் எழுத்திலும் ஒன்றாக இருப்பதே முக்கியம் என்றால் ஏன் தயங்க வேண்டும்? "இருக்கு" என்றே அச்சடிக்கலாமே. நான்கே எழுத்தாகிவிட்டது. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கதைவண்டி:
இதில் நான் எழுத்தெண்ணி பக்கம். கதையில் பேசுகிறவர் பேசுகிற மாதிரிதான் பேச வேண்டும்.

கரும்பலகை:
எனக்கு மனம் ஒப்பவில்லை. "இருக்கு" சரி, அடுத்து "வந்தது" வரும்போது என்ன செய்வீர்கள்? வந்துச்சு, வந்திச்சு, வந்துது என்று ஊருக்கு ஊர் மாறும். எந்த ஊரை அச்சடிப்பது? அதுவும் ஒரு வருடத்தில் பாடநூலில் "இருக்கிறது" வந்து நிற்கும். அதனால் மோதல் வராத வடிவமாகத் தேடித் தேடிப் பயன்படுத்துகிறேன்: வா, போ, தா, ஓடும், பிடிக்கும், இல்லை. முதல் பத்துப் புத்தகத்துக்கு இவை போதும். அதற்கு மேல் எப்போது "இருக்கிறது" என்பதைக் கொண்டுவருவது என்பதில் என்னிடமும் உறுதியான பதில் இல்லை.

சின்னப்பக்கம்:
பூனைப் புத்தகத்தை வெள்ளைத்தாளில் கையால் எழுதி, மடித்துத் தைத்து, ஆறு பிள்ளைகளிடம் கொண்டுபோனேன். நான்கு பேர் முதல் தடவையிலேயே கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டார்கள். "இருக்கிறதா"வில் நின்றவர்கள்தான் அவர்களும். பாட்டி மடியில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு பையன் "பெ"யில் நின்றான், கொம்பைத் தனி எழுத்தாக நினைத்து அதற்கு ஒலி தேடிக்கொண்டிருந்தான். வகுப்பில் அந்த வரிசை இன்னும் நடத்தவில்லையாம். அடுத்த பதிப்பில் பெட்டியை எடுத்துவிட்டு வேறு பொருள் தேட வேண்டும். "பாட்டி"யில் வரும் "ட்" பெட்டியில்தான் முதலில் வந்தது, அதற்கும் வழி பார்க்க வேண்டும்.

ஆறாவது பிள்ளைதான் எனக்குப் பாடம். பானைப் பக்கத்தில் மட்டும் இடமில்லாமல் படத்தை எழுத்துக்குப் பக்கத்திலேயே வரைந்திருந்தேன். அவள் "குடத்துல பூனையா?" என்று வாசித்தாள். நான் வரைந்தது குடம் மாதிரிதான் இருந்தது. மற்றப் பக்கங்களை எழுத்தைப் பார்த்துச் சரியாக வாசித்தவள், இந்த ஒரு பக்கத்தில் படத்தைத்தான் வாசித்தாள். படத்தைப் புரட்டிய பக்கத்துக்கு மாற்றுகிறேன். எழுத்துக்கும் படத்துக்கும் தனிப் பக்கம் விட்டால் எட்டுப் பக்கம் பதினாறாகும், தாள் செலவு கூடும். அதை எப்படிச் சமாளிப்பது என்று அச்சகத்தில் கேட்டுவிட்டு வருகிறேன்.