கடைவாய்ப் பல் சொத்தை: ரூட் கெனாலா, பிடுங்கிவிடுவதா?

புதுவரவு: வெளிநாடு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கீழ்வரிசையில் முதல் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. ரூட் கெனால் செய்யலாம், பிடுங்கவும் செய்யலாம் என்கிறார் டாக்டர். என் இன்சூரன்ஸில் பல் வைத்தியம் இல்லை. ரூட் கெனாலுக்கு மட்டும் எப்படியோ பணம் புரட்டலாம். போன வாரம் இரவெல்லாம் வலி, இப்போது வலியே இல்லை. காத்திருக்கலாமா?

கடல்தாண்டி: ஆன்டிபயாடிக் போடுங்கள், அடங்கிவிடும். ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். பிடுங்க மட்டும் விடாதீர்கள், பக்கத்துப் பல் சாய்ந்துவிடும்.

பல்மருத்துவர்: பல் சாயும் என்பது சரி, எதிர்வரிசைப் பல்லும் மெல்ல இறங்கும். ஆனால் பல்லுக்குள் இருக்கும் அழுகலை மாத்திரை தீர்க்காது. கடும் வலி தானாக நின்றால், பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குப் போகும். காத்திருக்க வேண்டாம். முகம் வீங்கி, காய்ச்சலோடு விழுங்கவோ வாய் திறக்கவோ கஷ்டமானால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

செலவைக் கணக்கிடும்போது ரூட் கெனால், அதன்மேல் அடைப்பு, கேப் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். கடைவாய்ப் பல்தான் மெல்லும் அழுத்தத்தைத் தாங்குகிறது. கேப் போடாமல் விட்டால் பிளந்துபோக வாய்ப்பு அதிகம். பிளவு வேர்வரை இறங்கினால் பிடுங்கத்தான் வேண்டும், கொடுத்த பணமும் போய்விடும்.

அதைவிட முக்கியமாக ஒன்று கேளுங்கள்: சொத்தையைச் சுரண்டி எடுத்தபின் ஈறுக்கு மேலே, சுற்றிலும் நல்ல பல் எவ்வளவு மிஞ்சும்? 2 மில்லிமீட்டராவது இருந்தால்தான் கேப் பிடித்து நிற்கும்.

மாடிவீடு: எனக்கு ஞானப்பல்லைப் பிடுங்கினார்கள், ஒரு குறையும் இல்லை. நீங்களும் பிடுங்கிவிடுங்கள்.

பல்மருத்துவர்: ஞானப்பல் கதை வேறு, மெல்லுவதற்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. முதல் கடைவாய்ப் பல் அப்படியல்ல.

புதுவரவு: இன்று போய்க் கேட்டேன். மூன்று பக்கம் நன்றாக இருக்கிறதாம், நாக்குப் பக்கம் மட்டும் ஈறுவரை உடைந்திருக்கிறது. சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார்.

பல்மருத்துவர்: அப்படியென்றால் முதலில் சுரண்டிப் பார்க்க மட்டும் சம்மதியுங்கள். பல் தேறும் என்றால் அன்றைக்கே நரம்பை எடுத்துத் தற்காலிக அடைப்பு வைப்பார்கள். அது சில வாரம்தான் தாங்கும், அதற்குள் மீதியை முடித்துவிட வேண்டும். கேப்புக்கு அவகாசம் வேண்டுமென்றால், பல்லின் முனைகளையும் மூடி நல்ல அடைப்பு வைக்க முடியுமா என்று கேளுங்கள். பல் தேறாது என்றால் பிடுங்குவதில் வருத்தப்பட எதுவும் இல்லை. பல் மருத்துவக் கல்லூரி இருந்தால் விசாரியுங்கள். மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் பிடிக்கும், செலவு பெரும்பாலும் குறையும்.

கடல்தாண்டி: ஈறைக் கொஞ்சம் வெட்டினால் பல் உயரம் கிடைக்கும் என்கிறார்களே?

பல்மருத்துவர்: கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் எலும்பையும் சீவ வேண்டியிருக்கும், அதற்குத் தனிச் செலவு. இவருடைய பல்லுக்கு அது சரிவருமா என்பதை எக்ஸ்ரேயைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

புதுவரவு: கல்லூரியில் இடம் கிடைக்க எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.