ஒரே ஆபீஸ், ஒரே பிறந்தநாள்: உங்களுக்கும் நடந்திருக்கா?

பின்னலாடை:
திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை பார்க்கிறேன். தையல் ஆட்களை விட்டுவிட்டால் ஆபீஸ் ஸ்டாஃப் 24 பேர். மாசாமாசம் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக் வாங்குவோம். இந்த வருஷம் பட்டியல் போட்டால், மெர்ச்சண்டைசர் ஒருத்தருக்கும் ஸ்டோர்ஸ் பையனுக்கும் மார்ச் 11. ஒரு கேக் காசு மிச்சம் என்று அக்கவுண்ட்ஸ் அண்ணனுக்கு ஒரே குஷி. எனக்கு என்ன ஆச்சரியம் என்றால், இதற்கு முன்னால் இருந்த கம்பெனியிலும் ஏறக்குறைய இத்தனை பேர்தான், அங்கேயும் இப்படி ஒரு ஜோடி இருந்தது. வருஷத்துக்கு 365 நாள் இருக்கும்போது இரண்டு இடத்திலும் எப்படி அமையும்? உங்களுக்கு இப்படி ஏதாவது அனுபவம் உண்டா?

கடைசிபெஞ்ச்:
எங்க ஹாஸ்டல் மாடியில் ரெண்டு பேருக்கு ஒரே நாள். ஒருத்தன் ட்ரீட் கேட்டால் இன்னொருத்தனைக் கை காட்டுவான். கடைசிவரை ரெண்டு பேரும் பரோட்டா வாங்கித் தரவே இல்லை.

மழைக்காகம்:
இதெல்லாம் அதிர்ஷ்டம்தாங்க. எங்கள் ஆபீஸில் 40 பேர். என் பிறந்தநாள் டிசம்பர் 19. அந்த நாளில் பிறந்தவர் ஒருத்தர்கூடக் கிடையாது. பள்ளிக்கூடத்திலும் இல்லை, காலேஜிலும் இல்லை.

கரும்பலகை:
கணக்கு வாத்தியாராக இருப்பதால் எனக்கு இது வருஷா வருஷம் நடக்கிற அனுபவம். பள்ளி திறந்ததும் வகுப்பில் ஒரு பெரிய காலண்டரை மாட்டிவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக வந்து தங்கள் தேதியை அடிக்கச் சொல்வேன். ஏற்கெனவே அடித்த தேதியில் யாராவது கை வைக்க நேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. நாற்பது பேர் வகுப்பில் பெரும்பாலும் கடைசிப் பிள்ளை வருவதற்குள் முடிந்துவிடும்.

இந்தக் காலண்டரைப் பார்த்தாலே கணக்கும் புரியும். ‘ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு’ என்று நேராகக் கேட்டால் தலை சுற்றும். ஒரு ஜோடியாக இருக்கலாம், இரண்டு ஜோடியாக இருக்கலாம், மூன்று பேர் ஒரே நாளில் விழலாம். அதனால் திருப்பிக் கேட்க வேண்டும்: யாரும் யாரோடும் மோதாமல் தப்பிக்க எவ்வளவு வாய்ப்பு?

முதல் பிள்ளைக்கு எந்தத் தேதியும் காலி. இரண்டாவது பிள்ளை ஒரே ஒரு தேதியைத் தவிர்க்க வேண்டும், தப்பிக்க 364/365. மூன்றாவது பிள்ளை இரண்டு தேதிகளைத் தவிர்க்க வேண்டும், 363/365. மூவரும் தப்ப வேண்டுமானால் இரண்டும் நடக்க வேண்டும், எனவே பெருக்குகிறோம்:

364/365 × 363/365 × 362/365 × …

பத்தாவது பிள்ளை வந்து அடிக்கும்போதும் பெருக்குத்தொகை 0.883-இல் நிற்கும். பெரிதாக ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றும். ஆனால் இருபதாவது பிள்ளைக்கு முன்னால் 19 தேதிகள் அடிபட்டுக் கிடக்கின்றன. அந்த ஒரு பிள்ளை மட்டும் மாட்ட வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கு மேல். இப்படிக் கூடிக்கொண்டே போகிற ஆபத்தை வரிசையாகப் பெருக்கும்போது தொகை சரசரவென்று இறங்கும். 22 பேருக்கு 0.524, 23 பேருக்கு 0.493. அதாவது 23 பேர் கூடினாலே, ஒரு ஜோடியாவது இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டி 51 சதவீதம் ஆகிவிடுகிறது. உங்கள் 24 பேருக்கு 54 சதவீதம், தங்கச்சி. இரண்டு கம்பெனியிலும் ஜோடி அமைய 0.54 × 0.54, ஏறக்குறைய 29 சதவீதம். மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் கீழே, அவ்வளவுதான்.

மழைக்காகம்:
அப்படியென்றால் 40 பேரில் எனக்கு ஏன் ஒருத்தரும் வரவில்லை?

கரும்பலகை:
நீங்கள் கேட்பது வேறு கேள்வி. நான் சொன்னதில் எந்த இருவரும் எந்தத் தேதியிலும் ஒத்துப்போகலாம். நீங்கள் டிசம்பர் 19-ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மற்ற 39 பேரும் தவிர்க்க வேண்டியது அந்த ஒரு தேதியை மட்டும்தான். அதனால் ஒவ்வொருவருக்கும் அதே 364/365, அது குறைவதே இல்லை. 39 தடவை பெருக்கினாலும் சுமார் 0.90 நிற்கும். உங்களுக்குத் துணை கிடைக்க வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். அது பாதியாக வேண்டுமென்றால் உங்களைத் தவிர 253 பேர் வேண்டும். ஆபீஸில் ஒரு பட்டியல் எடுத்துப் பாருங்கள், உங்களை விட்டுவிட்டு வேறு யாராவது இருவர் ஒத்துப்போவார்கள்.

பந்துவீடு:
253-ஆ? அதே எண் எனக்கு வேறு வழியில் வருகிறதே. 23 பேரில் ஜோடி சேர்த்தால் 23 × 22 / 2 = 253 ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒத்துப்போக 365-ல் ஒன்று. எனவே 253/365, அதாவது 69 சதவீதம். நீங்கள் 51 என்கிறீர்கள். எங்கோ இடிக்கிறது சார்.

கரும்பலகை:
ஜோடிகளை எண்ணியது அருமை தம்பி, ஆளை எண்ணுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆனால் கூட்டியது சரியில்லை. உங்கள் வழியிலேயே 28 பேருக்குப் போட்டுப் பாருங்கள். 378 ஜோடி, 365-ஆல் வகுத்தால் நூறு சதவீதத்தைத் தாண்டும். 28 பேர் கூடினால் கட்டாயம் ஒரு ஜோடி இருக்கும் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். உண்மையில் 366 பேர் வரும்வரை எந்தக் கட்டாயமும் கிடையாது, பிப்ரவரி 29-ஐயும் சேர்த்தால் 367. ஒரே குழுவில் இரண்டு ஜோடி ஒத்துப்போனால் கூட்டலில் அது இரண்டு தடவை எண்ணப்படுகிறது, அதனால் தொகை ஊதிப்போகிறது.

ஜோடியை வைத்தே போக வேண்டுமென்றாலும் பெருக்குங்கள். 364/365-ஐ 253 தடவை பெருக்கினால் 0.4995 வரும். சரியான விடை 0.493. ஜோடிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று வைத்துக்கொண்டதால்தான் அந்தச் சின்ன வித்தியாசம். கைக்கணக்குக்கு அது போதும்.

பந்துவீடு:
பெருக்கல் பாதைக்கு வந்துவிட்டேன். இதற்கு ஒரு சாட்சியும் வைத்திருக்கிறேன். 2014 பிரேசில் உலகக் கோப்பை கால்பந்தில் 32 அணி, அணிக்கு 23 வீரர்கள். இந்தக் கணக்குக்காகவே அளந்து வைத்த மாதிரி. அதில் 16 அணிகளில் ஒரே பிறந்தநாள் ஜோடி இருந்தது. அர்ஜென்டினா, பிரான்ஸ், ஈரான், தென் கொரியா, சுவிட்சர்லாந்து அணிகளில் இரண்டு ஜோடிகள்.

கடைசிபெஞ்ச்:
சரியாகப் பாதியா? யாரோ உட்கார்ந்து திட்டம் போட்ட மாதிரி இருக்கே.

கரும்பலகை:
எதிர்பார்ப்பு 16-ஐ ஒட்டியது, கிடைத்ததும் 16. அவ்வளவு கச்சிதமாக அமைந்ததுதான் அதிர்ஷ்டம். 13 வந்திருந்தாலும் 19 வந்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

ஓய்வூதியம்:
எங்கள் கதை கொஞ்சம் வேறு. நான் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தலைமுறையில் பிறந்த தேதியைப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர்தான் முடிவு செய்வார். வீட்டில் ‘பெரிய மழை பெய்த வருஷம்’ என்று சொன்னால், அவர் அஞ்சு வயசு நிரம்புகிற மாதிரி மே அல்லது ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். பணி ஓய்வும் அந்தத் தேதிப்படியே வரும், அதனால் மே 31, ஜூன் 30 என்றால் அலுவலகமே மாலையும் சால்வையுமாக இருக்கும். எனக்குப் பதிவேட்டில் ஜூன் 1, அம்மா சொன்னதோ தை மாசம். எங்கள் பிரிவில் பத்துப் பேர்கூடச் சேரவில்லை, அதிலேயே ஜூன் 1 இன்னொருவருக்கும் இருந்தது. இதில் என்ன பெருக்கல்?

கரும்பலகை:
ஐயா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். 365 நாளும் சம வாய்ப்பு என்று வைத்துத்தான் மேலே எல்லாம் பெருக்கினோம். தேதிகள் எங்காவது குவிந்திருந்தால் மோதல் கூடுமே தவிர ஒருபோதும் குறையாது. சமமாகப் பரவியிருப்பதுதான் தப்பிக்க மிக நல்ல நிலைமை.

உங்கள் பிரிவில் எல்லாருக்கும் மே, ஜூன் மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். 61 நாள். 60/61 × 59/61 என்று தொடங்கிப் பத்தாவது ஆள் வரை போனால் தப்பிக்கும் வாய்ப்பு 0.46. பத்துப் பேரிலேயே ஜோடி அமைய 54 சதவீதம் ஆகிவிடுகிறது. அந்த 61 நாளுக்குள்ளும் ஜூன் 1 மாதிரித் தேதிகளை வாத்தியார்கள் விரும்பிப் போட்டதால் நிஜத்தில் இன்னும் கூடும். ஆகவே பழைய சர்வீஸ் பதிவேட்டை வைத்து இந்தக் கணக்கைச் சோதிக்கக் கூடாது. பிறந்த தேதியைச் சோதிக்கப் போய்த் தலைமையாசிரியரின் பழக்கத்தைச் சோதித்ததாகிவிடும்.

பின்னலாடை:
எங்கள் ஆட்கள் எல்லாம் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள், தேதி சரிதான். ஆனால் எங்கள் பாட்டி தேதியைப் பார்ப்பதே இல்லை, நட்சத்திரம்தான். பொங்கலுக்கு வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடினால் ‘ரெண்டு பேருக்கு ரோகிணி, ஒரே நட்சத்திரம் ஒரே வீட்டில் ஆகாது’ என்று ஆரம்பித்துவிடுவார். அதற்கும் இந்தக் கணக்கு ஓடுமா அண்ணா?

கரும்பலகை:
இன்னும் வேகமாக ஓடும். நட்சத்திரம் 27-தான். 26/27, 25/27, 24/27, 23/27, 22/27 வரை பெருக்கினால் ஆறு பேருக்கு 0.55. ஏழாவது ஆளுக்கு 21/27, அதையும் பெருக்கினால் 0.43. ஏழு பேர் இருக்கிற வீட்டில் ஒரே நட்சத்திர ஜோடி இருக்க 57 சதவீதம். பாட்டி பயப்படுகிற விஷயம் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இருந்தே தீரும்.

மழைக்காகம்:
சந்திரன் எல்லா நட்சத்திரத்திலும் ஒரே அளவு நேரம் நிற்காது சார். பஞ்சாங்கம் பாருங்கள், ஒவ்வொரு நாளும் நாழிகை மாறும்.

கரும்பலகை:
உண்மை. ஒரு மாதத்தை மட்டும் எடுத்தால் சமமில்லை. பல வருஷத்தில் பிறந்தவர்கள் கலந்த வீட்டில் அது பெரும்பாலும் சமமாகிவிடும் என்று நினைக்கிறேன். சமமாகாவிட்டாலும் ஐயாவுக்குச் சொன்னதேதான், ஜோடி கூடும், குறையாது.

ஓய்வூதியம்:
குடும்பத்தில் அண்ணன் தம்பிக்கு இடைவெளி விட்டுப் பிறப்பதில் நட்சத்திரம் தானாக மாறாதா?

கடைசிபெஞ்ச்:
எனக்கு வேற சந்தேகம். மூணு பேருக்கு ஒரே பிறந்தநாள்னா எத்தனை பேர் வேணும்? ஹாஸ்டலில் மூணாவது ஆள் இருந்திருந்தா பரோட்டா கிடைச்சிருக்கும்.

கரும்பலகை:
88 பேர் இருந்தால் பாதியைத் தாண்டும். ஆனால் காலண்டர் விளையாட்டால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. மூவர் சேராமல் இருக்க, எத்தனை ஜோடிகள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால் ஒரே வரிசையாகப் பெருக்கினால் போதாது. ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று ஜோடி என்று ஒவ்வொரு நிலைக்கும் தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும். கையால் போட்டு முடிக்கிற கணக்கு இல்லை.

மழைக்காகம்:
ஆபீஸில் பட்டியல் எடுத்துவிட்டேன். செப்டம்பர் 2-ல் இருவர், ஜனவரி 27-ல் இருவர். டிசம்பர் 19-ல் நான் மட்டும்தான்.