ஒரு போர்ட், ஒரு முகவரி, இரண்டு வாரம்: இந்தக் குறிப்பில் என்ன குறை?

வேலன்

மில் ஒன்றில் ஐடி பார்க்கிறேன். பழைய ஈஆர்பியிலிருந்து புதியதுக்கு மாறுகிறோம். புதியது வெண்டரின் க்ளவுடில் ஓடுகிறது. இரண்டு வாரம் இரண்டையும் சேர்த்து ஓட்டப்போகிறோம், அதனால் தினமும் இரவு எங்கள் டேட்டாபேஸில் அன்றைக்கு மாறியதை அவர்கள் இழுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதிய குறிப்பு:

> பொருள்: ஈஆர்பி மாற்றத்துக்காக ஃபயர்வாலில் 1433 போர்ட்டை வெண்டருக்குத் திறக்க அனுமதி.
> எங்கிருந்து: 203.0.113.24 (வெண்டர்)
> எங்கே: ஈஆர்பி எஸ்க்யூஎல் சர்வர்
> காலம்: 2 வாரம்
> ஆபத்து: குறைவு
> ரோல்பேக்: ரூலை நீக்கிவிடலாம்

மேலாளர் "விவரம் போதாது" என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார். ஒரே போர்ட், ஒரே முகவரி, இரண்டே வாரம். இதற்குமேல் என்ன எழுதுவது? (முகவரியை இங்கே மாற்றியிருக்கிறேன்.)

சுடர்மணி

உங்கள் மேலாளர் கையெழுத்துப் போடப் பயப்படுகிறார், அவ்வளவுதான். ஊருக்கே திறந்தால் தப்பு. நீங்கள் ஒரே ஒரு ஐபிக்குத் திறக்கிறீர்கள், வேறு எவன் தட்டினாலும் கதவு மூடித்தான் இருக்கும். நாங்கள் இப்படி எத்தனையோ செய்திருக்கிறோம். வாயால் சொல்லி அனுமதி வாங்கிவிட்டு வேலையைப் பாருங்கள்.

ராஜாமணி

வணக்கம். என் கடையிலும் இதே பிரச்சினைதான். சிசிடிவி டிவிஆருக்கு ரவுட்டரில் 8000 போர்ட் திறந்தேன், வெளியிலிருந்து வரவே மாட்டேன் என்கிறது. நீங்கள் எந்த ரவுட்டர்?

கதவுக்காரர்

ராஜாமணி சார், இங்கே போர்ட் திறக்கத் தெரியாமல் கேட்கவில்லை, அனுமதிக் குறிப்பைக் கேட்கிறார். உங்கள் ரவுட்டரின் வேன் பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கும் முகவரி இருந்தால், பல வீடுகளுக்கு ஒரே பப்ளிக் ஐபியைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வராது.

வேலன் தம்பி, உங்களிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும். அந்த முகவரி யாருடையது? வெண்டர் ஆபீஸுடையதா, க்ளவுடுடையதா? தினமும் இரவு இழுப்பது க்ளவுடில் ஓடும் ஜாப் என்றால், பாக்கெட் ஆபீஸ் ஐபியிலிருந்து வராது. குறிப்பில் "வெண்டர்" என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். மேலாளருக்கு இடித்த இடம் அதுவாக இருக்கலாம்.

வேலன்

கேட்டேன் சார். நான் எழுதியது ஆபீஸ் ஐபிதான்! ஜாப் வேறு மெஷினிலிருந்து வருமாம். அதன் ஐபியை இப்போது கொடுத்திருக்கிறார்கள். ஆபீஸிலிருந்தும் இரண்டு பேர் பார்க்க வேண்டுமாம், அதனால் இரண்டையும் போடச் சொல்கிறார்கள்.

கதவுக்காரர்

இரண்டையும் போட வேண்டாம். ஆபீஸில் இருப்பவர்கள் இழுத்துவைத்த டேட்டாவைத் தங்கள் பக்கத்திலேயே பார்க்கலாம், உங்கள் சர்வருக்குள் வரத் தேவையில்லை. மறுத்துவிடுங்கள், பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

அப்புறம், க்ளவுட் மெஷினின் ஐபி நிலையானதா என்று எழுத்தில் கேளுங்கள். ஏடபிள்யூஎஸ் என்றால், தானாகக் கிடைத்த பப்ளிக் ஐபி மெஷினை ஸ்டாப் செய்து ஸ்டார்ட் செய்தால் போய்விடும். எலாஸ்டிக் ஐபி ஒதுக்கியிருந்தால்தான் நிற்கும். ஐபி மாறினால் ஜாப் நின்றுபோகும், அதை மறுநாள் காலையில் பார்த்துச் சரிசெய்துவிடலாம். எனக்குப் பயம் வேறு. விட்டுப்போன ஐபி குப்பைக்குப் போவதில்லை, அடுத்த வாடிக்கையாளர் எவருக்கோ போகிறது. உங்கள் ஃபயர்வாலோ இன்னும் அதே எண்ணுக்குக் கதவைத் திறந்துவைத்திருக்கும். சுடர்மணி சொன்ன அந்த "வேறு எவன்" அப்போது உள்ளேயே நிற்பான்.

சுடர்மணி

இரண்டு வாரத்தில் ஐபி மாறி, அது சரியாக ஒரு திருடன் கைக்குப் போய், அவனுக்கு உங்கள் மில்லையும் தெரிந்திருந்து... நடக்கிற கதையைப் பேசுவோமே!

கதவுக்காரர்

இரண்டு வாரத்தில் நடக்காது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வாரம் எப்போது இரண்டு வாரமாக இருந்திருக்கிறது?

நித்யா

நான் டிபிஏ. எல்லாரும் முகவரியிலேயே நிற்கிறீர்கள், எனக்குப் போர்ட்டே சந்தேகமாக இருக்கிறது. வேலன், உங்கள் ஆட்கள் சர்வருக்கு எப்படிக் கனெக்ட் செய்கிறார்கள்? வெறும் சர்வர் பெயரா, `MILLSRV\ERP` மாதிரி சாய்கோடு போட்டா?

வேலன்

சாய்கோடு போட்டுத்தான் அக்கா. பின்னால் `\ERP` வரும்.

நித்யா

அப்படியென்றால் அது நேம்டு இன்ஸ்டன்ஸ். யாராவது கை வைத்து மாற்றியிருந்தாலொழிய அது 1433இல் இருக்காது. வழக்கமாக டைனமிக் போர்ட்டில் ஓடும், எந்த எண் என்பதை எஸ்க்யூஎல் பிரவுசர் யூடிபி 1434 வழியாகச் சொல்லும். உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியாமலே நடந்துவிடும். வெளியிலிருந்து வருபவருக்கு நீங்கள் 1433ஐ மட்டும் திறந்தால் ஒன்றும் கிடைக்காது. அப்போது வெண்டர் "1434ஐயும் திறங்கள்" என்பார், அப்புறம் "கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் திறங்கள், டெஸ்ட் செய்துபார்க்கிறோம்" என்பார். அனுமதி ஒரு போர்ட்டுக்கு, திறந்தது மொத்தமும் என்று ஆவது இப்படித்தான்.

இதை ஓட்டிப் பாருங்கள். சர்வரிலேயே உட்கார்ந்து ஓட்டினால் NULL வரலாம், அங்கே கனெக்‌ஷன் நெட்வொர்க் வழியாகப் போகாது. பக்கத்து மெஷினிலிருந்து ஓட்டுங்கள்.

```
SELECT local_tcp_port
FROM sys.dm_exec_connections
WHERE session_id = @@SPID;
```

வேலன்

சர்வரில் NULL வந்தது, என் மேஜையிலிருந்து 49823. நல்லவேளை, குறிப்பு திரும்பி வந்தது.

சுடர்மணி

இதற்கு எதற்குக் கவலை? ஃபயர்வாலில் வெளியே 1433, உள்ளே 49823 என்று மேப் செய்துவிடுங்கள். சர்வரைத் தொடவே வேண்டாம்.

நித்யா

வேலை செய்யும், மறுக்கவில்லை. சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆனாலும் அது பழைய எண்ணையே முதலில் கேட்டுப் பார்க்கும். ஆனால் அந்த நேரத்தில் வேறு ஏதாவது ப்ராசஸ் அதைப் பிடித்திருந்தால் எண் மாறிவிடும். ராத்திரி ஜாப் விழும், காலையில் உங்களைக் கூப்பிடுவார்கள். நான் என்றால் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் ஐபிஆல் பகுதியில் டைனமிக் போர்ட் கட்டத்தைக் காலியாக்கிவிட்டு, டிசிபி போர்ட்டில் ஒரு எண்ணை எழுதிவிடுவேன். இதற்குச் சர்வீஸ் ரீஸ்டார்ட் வேண்டும், அதையும் குறிப்பில் சொல்ல வேண்டும். ஈஆர்பி ஒரு நிமிடம் விழும் என்பது தெரியாமல் கையெழுத்துப் போட்டவர் அப்புறம் உங்களை நம்ப மாட்டார்.

ரீஸ்டார்ட் செய்வதாக இருந்தால் ஃபோர்ஸ் என்கிரிப்ஷனையும் அதே கையோடு போட்டுவிடுங்கள். லாகின் பாக்கெட் எப்படியும் மறைந்துதான் போகும். ஆனால் அதைப் போடாமல் விட்டால், வெண்டர் பக்கமும் கேட்காத பட்சத்தில், பின்னால் வரும் சம்பளக் கணக்கும் பார்ட்டி பாக்கியும் இன்டர்நெட்டில் வெறும் எழுத்தாகப் போகும். ஐபியைக் கட்டுப்படுத்துவது அதைத் தடுக்காது.

கையொப்பம்

நான் இந்த மாதிரிக் குறிப்புகளுக்கு ஒப்புதல் தருகிற நாற்காலியில் இருக்கிறேன். என்னிடம் வந்திருந்தால் நேராகக் கேட்டிருப்பேன்: எதற்கு இன்டர்நெட்டில் டேட்டாபேஸ்? விபிஎன் கொடுங்கள்.

கதவுக்காரர்

சார், விபிஎன் நல்லதுதான். ஆனால் அந்த அக்கவுண்டுக்கு உள்ளே எங்கெங்கே போகலாம் என்று யாரும் எழுதுவதில்லை. நான் முன்பு இருந்த இடத்தில் வெண்டருக்கு ஒரு மாதத்துக்கு என்று விபிஎன் கொடுத்தார்கள், நெட்வொர்க் முழுக்கத் தெரிந்தது. எட்டு மாதம் கழித்து ஆடிட்டில் பார்க்கும்போதும் அக்கவுண்ட் உயிரோடுதான் இருந்தது. அதைவிட ஒரு ஐபி, ஒரு போர்ட் ரூல் குறுகலானது.

கையொப்பம்

அது விபிஎன்னின் குற்றம் இல்லை, கொடுத்தவர்களின் குற்றம். விபிஎன் கொடுத்து, அதற்குள்ளேயும் ஒரு போர்ட் மட்டும் என்று வையுங்கள். இரண்டு வாரத்துக்காக இவ்வளவு வேலையா என்பீர்கள். ஆமாம்.

கதவுக்காரர்

சரி, இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. இரண்டுக்கும் பொதுவானது மூடுவது, அதைப் பேசுவோம். வேலன், என்ன ஃபயர்வால்?

வேலன்

ஃபோர்ட்டிகேட் சார். 17ஆம் தேதி காலெண்டரில் ரிமைண்டர் போட்டு நீக்கிவிடலாம் என்றிருந்தேன்.

கதவுக்காரர்

ரிமைண்டர் வரும் அன்றைக்கு நீங்கள் லீவில் இருப்பீர்கள். பெட்டியையே மூடவையுங்கள்.

```
config firewall schedule onetime
    edit "CR-ERP-SQL"
        set start 10:00 2025/11/03
        set end 11:00 2025/11/17
    next
end
config firewall policy
    edit 87
        set schedule "CR-ERP-SQL"
        set schedule-timeout enable
    next
end
```

கடைசியில் இருக்கும் `schedule-timeout` வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் நேரம் முடிந்ததும் புதிய கனெக்‌ஷன் வராது, ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் செஷன் பேசிக்கொண்டே இருக்கும். டேட்டாபேஸ் ஜாப்கள் ஒரு கனெக்‌ஷனைப் பிடித்தால் லேசில் விடாது. ரூல் செத்துவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், டேட்டா போய்க்கொண்டிருக்கும்.

முடியும் நேரத்தைத் திங்கள் காலை 11 என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. வெள்ளி மாலை மூடினால், மூடியதா என்று பார்க்க ஆள் இருக்காது. மூடிய பிறகு வெண்டரை அந்த மெஷினிலிருந்தே இதை ஓட்டி அனுப்பச் சொல்லுங்கள், அவர்கள் எழுதும் போர்ட் எண்ணையே போட்டு:

```
Test-NetConnection 198.51.100.10 -Port 1433
```

`TcpTestSucceeded : False` என்று வர வேண்டும். அதே கட்டளையைத் திறந்திருக்கும் நாட்களில் உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலிருந்து ஒரு தடவை ஓட்டுங்கள். அதிலும் False வந்தால்தான் "ஒரு முகவரிக்கு மட்டும்" என்பது உண்மை.

நித்யா

கதவு மூடினாலும் சாவி அவர்களிடம்தான் இருக்கும். எந்த லாகின் கேட்டார்கள்?

வேலன்

சொல்ல வெட்கமாக இருக்கிறது. `sa`.

நித்யா

கொடுக்காதீர்கள்! படிக்கத்தானே வருகிறார்கள்? புதிதாக ஒரு லாகின், அந்த ஒரு டேட்டாபேஸில் மட்டும் `db_datareader`. 17ஆம் தேதி 11 மணிக்கு அதையும் டிஸேபிள் செய்வதாகக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

வேலன்

திருத்தியது இது. போர்ட் எண்ணை 1433 என்றே நிலையாக வைத்துவிடுகிறேன்.

> எங்கிருந்து: வெண்டரின் க்ளவுட் ஜாப் மெஷின், ஒரே நிலையான ஐபி. நிலையானது என்று வெண்டர் எழுதித் தந்த மெயில் இணைப்பில். மாறினால் ரூலைத் திருத்த மாட்டோம், புதிய அனுமதி கேட்போம்.
> எங்கே: MILLSRV\ERP, டிசிபி 1433 மட்டும். 1434 திறக்கப்படாது.
> முன்வேலை: 1.11.2025 சனி இரவு 8 மணிக்குச் சர்வீஸ் ரீஸ்டார்ட் (நிலையான போர்ட், என்கிரிப்ஷன்). ஈஆர்பி சில நிமிடம் கிடைக்காது.
> காலம்: 3.11.2025 காலை 10 முதல் 17.11.2025 காலை 11 வரை. ஃபயர்வாலே மூடும், திறந்த செஷனும் அறுபடும்.
> லாகின்: படிக்க மட்டும். 17ஆம் தேதி டிஸேபிள்.
> மூடியதற்குச் சாட்சி: வெண்டர் அனுப்பும் டெஸ்ட் முடிவு, அன்று பகல் 1 மணிக்குள்.
> முன்னதாக மூட வேண்டியிருந்தால்: பாலிசி 87ஐ டிஸேபிள். செய்பவர் நான், நான் இல்லாவிட்டால் நெட்வொர்க் ஷிஃப்ட் ஆள்.

கையொப்பம்

அனுமதி 5ஆம் தேதிதான் கிடைத்தால்? முடியும் தேதி அதேதானா, அதுவும் தள்ளிப்போகுமா?

வேலன்

அதே 17தான் சார். நீட்டிக்க வேண்டுமென்றால் தனிக் குறிப்பு.

கையொப்பம்

அதையும் எழுதுங்கள். நான் என்றால் இன்னும் விபிஎன்தான் கேட்பேன். ஆனால் இதைத் திருப்பி அனுப்ப மாட்டேன்.

சுடர்மணி

ரீஸ்டார்ட் இல்லாமல் மேப்பிங்கில் முடிந்திருக்கும். சனி இரவு ஷிஃப்ட்டில் நூல் எடை போடுகிறவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வேலன்

அதைக் கேட்கவில்லையே. இப்போதே போன் போடுகிறேன்.

ராஜாமணி

கதவுக்காரர் சார், ரவுட்டரில் பார்த்தேன், 100.72 என்று வருகிறது. அப்போ டிவிஆர்?