பென்சத்தின் பெனிசிலின் ஊசி: வலியைக் குறைக்க வழி உண்டா?

என் மகளுக்கு 11 வயது. போன வருடம் தொண்டை வலி வந்து தானே சரியாகிவிட்டது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், முழங்கால் வீக்கம். அது வடிந்ததும் கணுக்கால் வீங்கியது. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் மைட்ரல் வால்வில் கசிவு தெரிந்தது. ருமாட்டிக் காய்ச்சல் என்றார்கள்.

தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க உருவான எதிர்ப்புச் சக்தியே, அந்தக் கிருமியோடு உள்ள சாயல் ஒற்றுமையால் வால்வையும் தாக்கிவிடுகிறதாம். மூட்டு தழும்பில்லாமல் ஆறிவிடும், வால்வு அப்படியில்லை. ஒவ்வொரு தொற்றும் அதை இன்னும் தடிக்கவைத்துச் சுருக்கும். ஊசி பழைய சேதத்தைச் சரிசெய்யாது, அடுத்த தொற்றைத் தடுக்கத்தான். அதனால் 21 நாளுக்கு ஒருமுறை 12 லட்சம் யூனிட், குறைந்தது 10 வருடம். கசிவு நீடித்தால் 40 வயது வரைகூட.

மருந்து பால் மாதிரி கெட்டியாக இருக்கிறது, பாதியில் ஊசி அடைத்துக்கொள்கிறது. பிள்ளை இரண்டு நாள் நொண்டுகிறாள், தேதி நெருங்கினாலே அழுகை. மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் மருந்தைக் கலந்து போடலாம் என்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அப்படிப் போட்டிருக்கிறார்களா? வலி குறைந்ததா? அப்புறம், மதுரைப் பக்கம் இந்த மருந்து தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.