"ரேடியோ கட்"டுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்? குரல்பாவா, குரற்கோவையா

நொய்யல்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒரு சொல் வேணும், எதுக்குன்னு முதல்ல சொல்லிடறேன். எங்க அப்புச்சிக்கு வயசு 84. அவரு சின்னப் பையனா இருந்தப்ப தோட்டத்துல மாடு பூட்டிக் கெணத்துத் தண்ணி எறைக்கற கவலை ஓட்டுன கதையத் திண்ணையில உக்கார வெச்சு 1 மணி 40 நிமிஷம் ரெக்கார்ட் பண்ணியிருக்கோம், கேமரா இல்ல, குரல் மட்டும்தான். அந்தக் கவலைக்கு எங்ககிட்ட ஒரு போட்டோகூட இல்ல, கெணத்தையும் மூடியாச்சு, அதனால அவரு சொல்றதை வரைஞ்சு 6 நிமிஷ ஆவணப்படமா ஆக்கலாம்னு நானும் ரெண்டு ஃப்ரெண்டுகளும் இறங்குனோம்.

நாங்க செஞ்ச தப்பு என்னன்னா, பேச்சை டைப் பண்ணி, அந்தத் தாளைப் பாத்தே நல்ல வரிகளுக்கு டிக் போட்டு, உடனே வரைய ஆரம்பிச்சுட்டோம். வெளியூர் ஃப்ரெண்டு ஒருத்தரு "அப்ப நான் கவலை ஓட்டிட்டிருந்தேன்"னு தாள்ல படிச்சுட்டு ஒரு பையன் சோகமா உக்காந்திருக்கற மாதிரி வரைஞ்சு அனுப்புனாரு, அவரு ஊர்ல அதைக் கமலைம்பாங்களாம். அது ஸ்கெட்ச்சோட போச்சு. பெருசா அடிச்சது அடுத்தது. தண்ணி மொள்ளற சால் மேல வர்ற 40 செகண்டு காட்சிய முழுசா வரைஞ்சு முடிச்சப்புறம் குரலை எடிட் பண்ண உக்காந்தா, இருமல், திணறல் எல்லாம் எடுக்கவும் ஒரு 11 செகண்டு பேச்சு 8 செகண்டா ஆயிடுச்சு. செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஒரு படத்தை ரெண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தறோம், அப்ப 3 செகண்டுக்கு 36 படம் வீண். அதுக்குப் பொறகு வர்ற எல்லா அசைவும் குரலுக்குப் பின்னாடியே ஓடுது, தண்ணி தொட்டியில கொட்டறதுக்குள்ள அப்புச்சி வாய்க்காலப் பத்திப் பேசப் போயிடறாரு.

இப்பத்தான் தெரியுது, வரையறதுக்கு முன்னாடியே குரலை மட்டும் வெட்டி ஒட்டி, படமே இல்லாம கேட்டாலும் கதை முழுசா நிக்கற மாதிரி ஆக்கி, அதுக்கப்புறம் யாரும் கை வெக்கக் கூடாதுன்னு பூட்டிடணுமாம். இதை ரேடியோ கட்னு சொல்றாங்க. இதுக்கு ஒரு தமிழ்ச் சொல் சொல்லுங்க, நாங்க வேலை செய்யற தாள்லயே எழுதி வெக்கணும்.

சொல்லேர் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். "அசைவூட்ட ஆவணப்படம்"னு வெச்சுக்கலாம். இந்த வகைப் படம் புதுசில்ல, 1918லயே வின்சர் மெக்கே லூசிட்டானியா கப்பல் மூழ்குனதை வரைஞ்சு காட்டியிருக்காரு, மூழ்கறப்ப எடுத்த படம் எதுவும் கெடையாதுன்னுதான் வரைஞ்சாரு. ஆனா அது பேசாத படம், உங்களோடது குரல்ல இருந்து பொறக்கறதால "குரல்வழி அசைவோவியம்"னும் சொல்லலாம்.

நொய்யல்கரை எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றிங்க, அந்தச் சொல்லையும் குறிச்சுக்கறேன். நான் கேட்டது படவகைக்கு இல்லீங்க, படம் வரையறதுக்கு முன்னாடி குரலை வெட்டிப் பூட்டற அந்த ஒரு கட்டத்துக்கு.

பெருந்துறைப்பையன் எழுதியது:

அண்ணா நான் அனிமேஷன் படிக்கறேன். எங்களுக்கும் ஆடியோவ முதல்ல லாக் பண்ணச் சொல்லித்தான் சொல்லித் தர்றாங்க, ஏன்னா உதட்டசைவு பொருந்தணும், ஒவ்வொரு எழுத்துக்கும் வாய் எப்படித் திறக்குதுன்னு ஃப்ரேம் எண்ணித்தான் வரையணும். அதனால "உதட்டுப் பூட்டு"ன்னு வெக்கலாமா? இல்லைன்னா "வானொலி வெட்டு"ன்னு நேரா மாத்திடலாம். உங்க படத்துல அப்புச்சி முகமே வராதுன்னா பாதி வேலை பண்ணிட்டு அப்புறமாக்கூட லாக் பண்ணிக்கலாம்னு நெனைக்கறேன்.

ஒலிக்கட்டு எழுதியது:

தம்பி, ஆடியோ முதல்லங்கறது சரி, காரணம் பாதிதான் சரி. கோயமுத்தூர்ல ஒலி எடிட்டிங்ல பல வருசமா இருக்கறேன், வாய் தெரியாத படத்துலதான் இந்தப் பூட்டு இன்னும் முக்கியம். வாய் தெரிஞ்சா ரெண்டு ஃப்ரேம் தப்புனாலே கண்ணு காட்டிக் குடுத்துடும். வாய் இல்லாத படத்துல தப்பு மெதுவா வரும், எல்லாம் அழகா இருக்கும், ஆனா பாக்கறவங்க எதையோ தவற விட்ட மாதிரியே உக்காந்திருப்பாங்க. நொய்யல்கரையோட தண்ணி லேட்டா கொட்டுனது அதுதான்.

நான் எப்படிப் பண்றேன்னு சொல்றேன். தாள்ல டிக் போடறதோட நிறுத்தக் கூடாது, தாள்ல ரெண்டு வரி நல்லா ஒட்டும், காதுல ஒட்டாது. நம்ம பெருசுக பேச்சு முடியலைன்னா "வந்துங்…"னு தொண்டைய மேல தூக்கி நிறுத்துவாங்க, அந்த இடத்துல வெட்டி முற்றுப்புள்ளி வெச்சா யாருக்கும் தெரியும், ஆளு இன்னும் சொல்ல வந்தாருன்னு. குரல் கீழ எறங்குற இடத்துலதான் வெட்டணும். அப்புறம் திண்ணையில யாரும் பேசாம ஒரு நிமிஷம் சும்மா ரெக்கார்ட் பண்ணுனீங்களா? அந்தக் காத்து, தூரத்துல ஆடு கத்தற சத்தம், ஃபேன் ஓசை எல்லாம் சேந்த அமைதி அது. அதை எடுத்து வெட்டுன இடத்துல எல்லாம் அடியில ஓட விட்டாத்தான் பிணைப்பு தெரியாது, வெறும் சைலன்ஸ் போட்டா அந்த எடத்துல கெணத்துக்குள்ள விழுந்த மாதிரி காது அடைக்கும்.

இன்னொண்ணு, இருமலை எடுங்க, ஆனா அவரு யோசிக்கற நேரத்தை எல்லாம் எடுத்துடாதீங்க. படம் இல்லாமக் கேக்கறப்ப 2 செகண்டு அமைதிகூட நீளமாத் தெரியும், அதனால கை துறுதுறுன்னு வெட்டிட்டே போகும். வரைஞ்சப்புறம் பாத்தா அந்த 2 செகண்டுலதான் மாடு சரிவுல எறங்கி இருக்கணும். குரல் நிறுத்தற இடம்தான் படம் பேசற இடம்.

இதுல ஒரு பயமும் இருக்கு. கேமராவுல எடுத்த பேட்டிய வெட்டுனா மூஞ்சி துள்ளும், வெட்டுனது பாக்கறவங்களுக்குத் தெரியும். குரல் மட்டும்னா எதை எதோட ஒட்டுனாலும் ஒருத்தருக்கும் தெரியாது, அவரு "இல்ல"ன்னு சொன்னதைக்கூட எடுத்துடலாம். அதனால பூட்டறதுக்கு முன்னாடி பேசுனவங்களுக்கே ஒருவாட்டி போட்டுக் காட்டறது என் வழக்கம். சொல்லு எதுவா இருந்தாலும் எனக்குச் சரி, "வானொலி வெட்டு" மட்டும் வேண்டாம், இங்க வானொலியும் இல்ல, வெட்டறதவிட சேக்கறதுதான் அதிகம்.

சொல்லேர் எழுதியது:

இப்ப புரிஞ்சுது, தம்பி பொறுத்துக்கணும். சேக்கறதுதான் வேலைன்னா "குரற்கோவை". கோக்கறதுங்கறது பூ கட்டற, மணி கோக்கற செயல், ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு வரிசை மாறாம நிக்கும். இலக்கியத்துலயும் கோவைன்னா தொடர்ந்து ஒரு கதையா வர்ற பாட்டு வரிசைதான். பொருத்தமாத் தெரியுது.

தறிவீடு எழுதியது:

நாங்க பவானிங்க, ஊட்டுல தறி இருக்குது. படத்தைப் பத்தி எனக்குத் தெரியாது, ஆனா நீங்க பேசறதைப் படிச்சா எங்க வேலை மாதிரியே இருக்குதுங்க. முதல்ல நீளவாக்குல போற நூலு, அதான் பாவு, அதை ஓட்டித் தறியில ஏத்திட்டா நீளம் அவ்ளோதான், அதுக்கப்புறம் குறுக்க போற ஊடை மட்டும்தான் நம்ம கையில, கலர மாத்தலாம், பூ மாத்தலாம், பாவை மாத்த முடியாது. நெய்ஞ்சுட்டு இருக்கறப்ப பாவு நீளம் பத்தலைன்னு நெனைச்சா அழுகைதான் வரும். குரலு பாவு, வரையறது ஊடை. "குரல்பாவு"ன்னு சொன்னா எங்க ஊட்டுல எல்லாருக்கும் வெளங்கும். இழை அறுந்தா பிணைக்கறோமே, நீங்க சொன்ன அந்தத் திண்ணை அமைதிய வெச்சு ஒட்டறதுக்குப் "பிணைச்சல்"னே சொல்லிக்கலாம்.

ஒண்ணே ஒண்ணு இடிக்குதுங்க. ஜமக்காளத்துல ஊடை நெருக்கி அடிக்கறதால பாவு கண்ணுக்கே தெரியாது. உங்க படத்துல அப்புச்சி குரல் அப்படி மறைஞ்சு போயிடக் கூடாதுல்லைங்க.

ஒலிக்கட்டு எழுதியது:

அக்கா, அந்த இடிக்கறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. நெருக்கி அடிச்சா மறையும்ங்கறது நிஜம், அவரு கெணறுன்னா கெணறு, மாடுன்னா மாடு, கயிறுன்னா கயிறுன்னு சொல்லுக்குச் சொல்லு வரைஞ்சா குரலை யாரும் கேக்க மாட்டாங்க, படத்தை மட்டும் பாப்பாங்க. கொஞ்சம் எடம் விட்டு நெய்யணும். என் ஓட்டு குரல்பாவுக்கு. நேரா பூட்டற கருத்து அதுல இருக்கு, கோவையில அது இல்ல, கோத்த மாலைய அவுத்து இன்னொரு பூ சேத்துடலாம்.

சொல்லேர் எழுதியது:

பாவு தெரியாத ஊர்க்காரங்க என்ன செய்வாங்க? பாவுன்னா தரைக்குக் கல்லு பாவறதுன்னு நெனைப்பாங்க. கலைச்சொல் எல்லாத் தமிழருக்கும் பொதுவா இருக்கணும்.

தறிவீடு எழுதியது:

காஞ்சிபுரத்துலயும் பாவுதானுங்க ஐயா. பரமக்குடியிலயும் அப்படித்தான்.

பெருந்துறைப்பையன் எழுதியது:

அண்ணா உதட்டசைவு பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். "வால்ட்ஸ் வித் பஷீர்" படத்தைப் (2008) பத்தித் தேடிப் படிச்சேன், வீடியோ மேலயே ட்ரேஸ் பண்ணுனதுன்னு இத்தன நாளா நெனைச்சிருந்தேன், அப்படி இல்லையாம், முதல்ல ஸ்டுடியோவுல பேச வெச்சு வீடியோவா முடிச்சுட்டு அப்புறம்தான் புதுசா வரைஞ்சிருக்காங்க. அதுலயும் பாவுதான் முதல்ல. ஆனா ஒரு டவுட், அதுக்கு அடுத்த கட்டம், பூட்டுன குரல் மேல அசையாத ஸ்கெட்ச்சுகளை நேரம் பாத்து அடுக்கி ஓட்டிப் பாக்கறோமே, அந்த அனிமேட்டிக்குக்கு என்ன சொல்றது? "முன்னசைவு"?

ஒலிக்கட்டு எழுதியது:

அதுல எதுவுமே அசையாதே தம்பி. அளந்து பாக்கறதுக்குத்தான் அது, அசைவுன்னு பேரு வெச்சா புதுசா வர்றவங்க அங்கயே மாட்டை நடக்க விட ஆரம்பிச்சுடுவாங்க.

நொய்யல்கரை எழுதியது:

நேத்து ஊருக்குப் போயி, வெட்டி ஒட்டுன குரலை அப்புச்சிக்கு ஹெட்ஃபோன்ல போட்டுக் காட்டுனேனுங்க. முழுசாக் கேட்டுட்டு, "கண்ணு, மாடு மேல வர்றதைக் காணமே"ன்னாரு. எனக்குப் புரியல. அப்புறம் முழு ரெக்கார்டிங்கத் திரும்பக் கேட்டா, இருமலோட சேத்து நான் வெட்டிப்போட்ட 3 செகண்டுல "மாடு திரும்பாது, பின்னாலயே நடந்து மேல ஏறும்"னு சொல்லியிருக்காரு. நாங்க வரைஞ்ச 40 செகண்டுல மாடு ஏர் ஓட்டற மாதிரி சரிவோட அடியில வட்டம் போட்டுத் திரும்பி நடந்து வருது. எறங்கறப்ப ஓட்டறவரு வடத்து மேல உக்காந்து பாரம் குடுப்பாரு, ஏறறப்ப மாடு மூஞ்சி மாறாமப் பின்னுக்கே வரும், அப்பத்தான் சால் திரும்பக் கெணத்துக்குள்ள எறங்கும். தோட்டத்துக்காரங்க ஒருத்தரு பாத்திருந்தாலும் எங்க படத்தை நம்பியிருக்க மாட்டாங்க.

இருமல எடுத்துட்டு அந்த வரிய உள்ள வெச்சுட்டேன், திண்ணை அமைதி 50 செகண்டு கெடைச்சது, அதை வெச்சுப் பிணைச்சல் போட்டாச்சு. மாட்டுக் காட்சிய மறுபடி வரையறோம். ஃபைலுக்கு "குரல்பாவு 3"னு பேரு வெச்சிருக்கறேன், ஐயாவோட குரற்கோவைய இன்னும் பூட்டாத, மாத்திக்கிட்டே இருக்கற கட்டத்துக்கு வெச்சுக்கலாமான்னு தோணுது, ஐயா சொல்லணும். அனிமேட்டிக்குக்கு இன்னும் ஒண்ணும் அமையல, தறிவீட்டு அக்கா, நெய்யறதுக்கு முன்னாடி டிசைனை அளந்து பாக்கற தாளுக்கு உங்க ஊட்டுல என்னங்க சொல்றீங்க?